ரூபியா மிதக்கும் நாணயம், ஆனாலும் தலையீடு ஏன்?

"இந்தோனேசியா 1997இலேயே தன் நாணயமான ரூபியாவின் விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று மிதக்க விட்டுவிட்டது. அப்புறம் ஏன் ரூபியா சரியாமல் இருக்க அதன் மத்திய வங்கி இன்னும் டாலர் விற்கிறது?"

டாலரில் வாங்கிய கடன்தான் முக்கியக் காரணம். 1997 நடுவில் ஒரு டாலர் சுமார் 2,400 ரூபியா. 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய நிறுவனத்துக்கு அது 240 கோடி ரூபியா. 1998 ஜூனில் டாலர் 15,000ஐத் தாண்டியது. அதே கடன் 1,500 கோடிக்கு மேல்! வருமானம் ரூபியாவில்தான் வந்தது. டாலர் விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் முன்பேரக் காப்பையும் பல நிறுவனங்கள் எடுத்திருக்கவில்லை. நாணயம் சரிந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது பாடநூல் கணக்கு. அந்தப் பலன் வருவதற்குள் நிறுவனங்களும் கடன் கொடுத்த வங்கிகளும் விழுந்துவிட்டன. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

நீங்களே சோதிக்கலாம். மாதவாரி மாற்று விகிதத்தையும் அந்நியச் செலாவணிக் கையிருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விகிதம் அசையாமல் கையிருப்பு மட்டும் ஏறி இறங்கினால், பெரும்பாலும் தலையீடு நடந்திருக்கிறது.

ஆனால் கையிருப்பில் யூரோ, யென்னும் உண்டு. அவற்றின் டாலர் மதிப்பு குறைந்தாலும் மொத்தம் குறையும். 2018இல் தொடங்கிய உள்நாட்டு முன்பேர ஒப்பந்தங்கள் ரூபியாவிலேயே தீர்க்கப்படுவதால், அவை வழியாக மத்திய வங்கி செய்யும் தலையீடு கையிருப்பில் தெரியாது.