ஒரு கோடி மூலதனம் என்று காட்டும் கம்பெனிக்குக் கடனில் சரக்கு அனுப்பலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். சென்னை பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்று 4 லட்ச ரூபாய்ச் சரக்கைக் கடனில் கேட்கிறது. இலவசமாகக் கம்பெனி விவரம் தரும் தளத்தில் ‘ஆக்டிவ், மூலதனம் 1 கோடி’ என்று இருக்கிறது. ஆர்டரில் கையெழுத்திட்டவர் பெயரும் இயக்குநர் பட்டியலில் உள்ளது. நம்பி அனுப்பலாமா?

பதில்: அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அந்தத் தளங்கள் கம்பெனிப் பதிவேட்டிலிருந்து என்றைக்கோ எடுத்த நகலைத்தான் காட்டுகின்றன. மூலப் பதிவேடு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் இருக்கிறது. முதலில் ஆர்டர் தாளில் CIN எனப்படும், 21 எழுத்து, இலக்கம் கொண்ட கம்பெனி அடையாள எண்ணைப் பாருங்கள்; லெட்டர்ஹெட்டில் அதை அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். பெயரை வைத்துத் தேடினால் கிட்டத்தட்ட அதே பெயருள்ள வேறு கம்பெனிக்குப் போய்விடுவீர்கள். அந்த எண்ணுக்குள்ளேயே பதிவான ஆண்டும் இருக்கிறது. ‘இருபது வருஷ அனுபவம்’ என்பவரின் எண்ணில் 2021 என்று இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

அந்த எண்ணை mca.gov.in தளத்தில் போட்டால் மூலதனம் இரண்டு வரியாக வரும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் என்பது பங்கு வெளியிட அனுமதி உள்ள உச்ச வரம்பு, பணம் அல்ல. பங்குதாரர்கள் உள்ளே போட்டது செலுத்தப்பட்ட மூலதனம். இலவசத் தளங்கள் பெரிய எண்ணை எடுத்து வெறுமனே ‘மூலதனம்’ என்று போட்டுவிடுவதுண்டு. பாளையங்கோட்டை வியாபாரி ஒருவர் கொண்டுவந்த தாளில் 50 லட்சம் என்று இருந்தது. பதிவேட்டில் செலுத்தப்பட்டது 1 லட்சம்தான். கையெழுத்துப் போட்டவரோ ஒரு வருடத்துக்கு முன்பே இயக்குநர் பதவியிலிருந்து விலகியிருந்தார். தளத்தில் பழைய பட்டியல் அப்படியே கிடந்தது.

‘ஆக்டிவ்’ என்றால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படவில்லை என்று அர்த்தம். கையில் காசு இருக்கிறது என்று அல்ல. அதனால் கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைக் கடைசியாகத் தாக்கல் செய்த தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக ஒன்றுமில்லை என்றால் உஷாராகுங்கள். அப்புறம், எதை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டும் அடமானப் பட்டியலையும் பதிவேட்டிலேயே பாருங்கள். அடைத்த கடன் இலவசத் தளத்தில் நிலுவையாகவே நிற்கும், புதிய கடன் வராமலும் இருக்கும். கம்பெனியின் சரக்கிருப்பு வங்கியில் ஈடாக இருந்தால், நீங்கள் அனுப்பும் அப்பளத்தின் மேலும் வங்கிக்குத்தான் முதல் உரிமை.

அரசுப் பதிவேடும் கம்பெனியே தாக்கல் செய்வதை வைத்துத்தான் ஓடுகிறது. இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்க DIR-12 படிவத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. சிலர் அதையும் தாண்டிவிடுவார்கள். 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். AOC-4 படிவத்தோடு இருப்புநிலைக் குறிப்பு இருக்கும். ‘கொடுக்க வேண்டிய வியாபாரக் கடன்’ எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

கையெழுத்திட்டவர் இப்போது இயக்குநர் இல்லை என்றால் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். மேலாளரும் ஆர்டர் கொடுக்கலாம், ஆனால் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். தரத் தயங்கினால் முன்பணம் வாங்கிக்கொண்டே முதல் லோடை ஏற்றுங்கள்.