பத்து சதவீதம் என்று யார் சொன்னது?

அன்புள்ள ஐயா,

மொத்தச் சம்பளம் 60,000, பிடித்தம் போக 50,000 கைக்கு வருகிறது. 4,50,000க்கு ஒரு கார் பார்த்திருக்கிறேன். முன்பணம் 90,000 இருக்கிறது. மீதியை 7 வருடக் கடனாக எடுத்தால் தவணை 6,000க்குள் வரும், சம்பளத்தில் 10 சதவீதம்தான், 20/4/10 விதிக்குள் அடங்கிவிட்டது என்கிறார் விற்பவர். மனைவிக்குத் தயக்கம். வாங்கலாமா? புதியதா, பழையதா? எந்த மாடல் நல்லது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாடல் விஷயம் எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். உங்கள் மனைவியின் தயக்கம் சரியானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

20/4/10 என்பதில் நடுவில் ஒரு 4 இருக்கிறதே, அதை எப்படி விட்டீர்கள்? முன்பணம் 20 சதவீதம், கடன் 4 வருடம், செலவு மொத்த வருமானத்தில் 10 சதவீதம். மூன்றும் சேர்ந்துதான் விதி. 3,60,000 கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் 7 வருடத்தில் தவணை சுமார் 5,980, அதையே 4 வருடத்தில் கட்டினால் 9,130. காலத்தை இழுத்தால் எந்தக் காரையும் 10 சதவீதத்துக்குள் அடக்கிவிடலாம், அதற்காகத்தான் அந்த 4 அங்கே இருக்கிறது. இழுத்ததற்கு நீங்கள் கூடுதலாகக் கட்டப்போகும் வட்டி 60,000க்கு மேல். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், நீங்களாவது கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?

அப்புறம், அந்த 10 சதவீதம் தவணைக்கு மட்டுமானது இல்லை. எரிபொருள், காப்பீடு எல்லாம் அதற்குள்தான். என் அத்தான் ஒருவர் கடன் முடிந்த பழைய கார் வைத்திருந்தார். தவணை இல்லை, அதனால் காருக்குச் செலவே இல்லை என்று நம்பினார். காப்பீடு புதுப்பிக்கவேண்டிய அதே மாதத்தில் நாலு டயரும் தேய்ந்து, கிளட்சும் போனது. கைமாற்று வாங்கினார், அதை அடைப்பதற்குள் அடுத்த வருடக் காப்பீடு வந்துவிட்டது. தாராளமான, நல்ல மனிதர், அந்த இரண்டு வருடமும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. அவரைக் கவிழ்த்த செலவு எதுவும் திடீர்ச் செலவு இல்லை, எல்லாமே வரும் என்று தெரிந்த செலவுகள். மாதம் மாதம் வராததால் மாதக் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் காருக்கு நானே போட்டுப் பார்த்தேன். எரிபொருள் மாதம் 4,000 என்று வையுங்கள். காப்பீடு வருடத்துக்கு 24,000 என்றால் மாதம் 2,000. சர்வீஸ் 12,000 என்றால் மாதம் 1,000. ஒரு செட் டயர் 20,000, அது 40 மாதம் ஓடும் என்றால் மாதம் 500. ஆக 7,500. இதில் தவணை சேரவில்லை.

இப்போது விதியைப் பாருங்கள். உங்கள் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் 6,000. யாராவது அந்தக் காரை உங்களுக்கு இனாமாகக் கொடுத்தாலும் விதிப்படி நீங்கள் அதை வைத்துக்கொள்ள முடியாது! எனக்கு நெடுநாளாக இந்த விதியோடு இருக்கும் சண்டையே இதுதான். டயரும் எரிபொருளும் உங்கள் சம்பளத்தைப் பார்த்து விலை குறைவதில்லை. 3,00,000 சம்பாதிப்பவருக்கு அதே 10 சதவீதம் 30,000, அவருக்கு இந்த விதி ஒரு கட்டுப்பாடே இல்லை. குறைந்த வருமானக்காரருக்கோ அது வண்டியே வேண்டாம் என்கிறது, வண்டி இல்லாமல் போகமுடியாத வேலையாக இருந்தாலும். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சதவீதம் பேசுவது அநியாயம். வண்டி இல்லாவிட்டால் எவ்வளவு சம்பளம் போகும் என்பதுதான் அவர் போடவேண்டிய கணக்கு.

உங்கள் நிலை அது இல்லை, இப்போதும் வேலைக்குப் போய் வருகிறீர்கள். சரி, விதியை இரட்டிப்பாகத் தளர்த்தி, கைக்கு வருவதில் 20 சதவீதம், அதாவது 10,000 என்று வைப்போம். ஓட்டும் செலவு 7,500 போனால் தவணைக்கு 2,500. 4 வருடத்தில் அது அடைக்கக்கூடிய கடன் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பணத்தையும் சேர்த்தால் சுமார் 1,90,000க்குத்தான் வண்டி. புதியதா பழையதா என்று கேட்டீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. பழையது என்றால் சர்வீஸ் கணக்கை இன்னும் கூட்டிப் போடுங்கள்.

அந்த 4,50,000 கார்தான் வேண்டும் என்றால், 4 வருடத் தவணையும் ஓட்டும் செலவுமாக 16,600 வருகிறது. இப்போது போக்குவரத்துக்கு ஆகும் செலவை அதில் கழித்துவிட்டு, மீதியை அடுத்த 6 மாதம் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். வாடகை, பிள்ளைகள் செலவு, சேமிப்பு எதையும் தொடாமல் ஆறு மாதமும் போடமுடிந்ததா என்று எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பணம் முன்பணத்தில் சேரட்டும்.