850 சதுர அடி வீட்டுக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட், எவ்வளவு கூலி?

கேள்வி: எங்கள் வீடு 850 சதுர அடி. கூடம் 18க்கு 12 அடி, படுக்கையறைகள் 12க்கு 11, 11க்கு 10, சமையலறை 10க்கு 8. குளியலறைகள் இரண்டும் 8க்கு 5. அவற்றில் 7 அடி உயரம் வரை டைல்ஸ் உண்டு. எல்லா அறைகளும் 10 அடி உயரம். பழைய பெயிண்டின் மேலேயே இரண்டு கோட் எமல்ஷன் அடிக்க, பெயிண்டர் 850ஐ மூன்றரையால் பெருக்கி 2,975 சதுர அடி என்கிறார். பொருளோடு சதுர அடிக்கு 20 ரூபாய், கூலி மட்டும் என்றால் 10 ரூபாய். நாங்கள் பார்த்து வைத்த எமல்ஷன் லிட்டர் 300 ரூபாய். டப்பாவில் லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி என்று போட்டிருக்கிறது. அவர் சொல்வது சரியா? நாங்களே வாங்கினால் எத்தனை லிட்டர் வேண்டும்?

பதில்: மூன்றரையால் பெருக்குவது பெயிண்டர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் குத்துமதிப்பு, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதைப் பெருக்குகிறார் என்பதே கேள்வி. 850 என்பது சுவர்களின் கனத்தையும் சேர்த்துச் சொல்லப்படும் கட்டுமானப் பரப்பு. நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி அறைகளின் தரைப்பரப்பைக் கூட்டினால் 618 சதுர அடிதான் வருகிறது. அதை மூன்றரையால் பெருக்கினால் 2,163; இது பெயிண்டருக்கு நஷ்டமாகும், ஏனென்றால் 10 அடி உயரமுள்ள சிறிய அறைகளில் தரையோடு ஒப்பிடச் சுவர் அதிகம். ஆகவே இரண்டு எண்களையும் விட்டுவிட்டு நாடாவை எடுப்பதே நல்லது.

ஓர் அறையின் நான்கு சுவர் நீளங்களையும் கூட்டி உயரத்தால் பெருக்கினால் சுவர்ப்பரப்பு கிடைக்கும். கூடத்துக்கு 60 அடியைப் பத்தால் பெருக்க 600, படுக்கையறைகளுக்கு 460, 420, சமையலறைக்கு 360. குளியலறைகளில் டைல்ஸுக்கு மேலே 3 அடிதான் மிச்சம், ஆகவே ஒன்றுக்கு 78 வீதம் 156. மொத்தம் 1,996 சதுர அடி. இதிலிருந்து கதவு, ஜன்னல், டைல்ஸைக் கழிக்க வேண்டும். படுக்கையறை, சமையலறைக் கதவுகள் இரு பக்கச் சுவர்களிலும் இடம் பிடிக்கின்றன என்பதை மறக்காமல், 7க்கு 3 அடிக் கதவுகளாக வைத்துக்கொண்டால் 9 முகங்களுக்கு 189 சதுர அடி. 4 அடிச் சதுர ஜன்னல்கள் நான்கு என்றால் 64. சமையல் மேடைக்கு மேலுள்ள டைல்ஸ் ஏறக்குறைய 36. ஜன்னல்களின் உட்பக்க ஓரங்களையும் அடிக்க வேண்டியிருப்பதால் அதற்கு 30 சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் அடிக்க வேண்டிய சுவர் சுமார் 1,740 சதுர அடி. வெள்ளை அடிக்கும் சீலிங் 620. இரண்டும் சேர்ந்து 2,360. பரண், தூண் போன்றவை இருந்தால் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் வாங்கும் கணக்கில் கதவு, ஜன்னல் முழுவதையும் கழிக்கலாம். கூலிக் கணக்கில் அப்படிக் கழிப்பது முறையல்ல. சட்டத்தை ஒட்டி நிறம் சிதறாமல் அடிப்பதற்கு வெறும் சுவரை அடிப்பதைவிட நேரம் கூடுதலாகும். கட்டுமான அளவீட்டுக்கான ஐ.எஸ். 1200 தர முறையும், அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, சுவரின் இரு முகமும் ஒரே வேலையாக இருந்தால் ஒரு முகத்தை மட்டுமே கழிக்கிறது. அதற்கு ஈடாக ஓரங்களைக் கூட்டுவதில்லை. அந்த வழியில் உங்கள் வீட்டுக்குக் கூலிப் பரப்பு 2,400 சதுர அடி என்று பேசிக்கொள்ளலாம். பெயிண்டர் சொன்ன 2,975க்கும் இதற்கும் 575 சதுர அடி வித்தியாசம். 20 ரூபாய் வீதத்தில் 11,500 ரூபாய்.

அடுத்தது லிட்டர் கணக்கு. டப்பாவில் உள்ள 120 முதல் 140 என்ற எண் ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் பாருங்கள். உட்புறச் சுவர் எமல்ஷனில் இந்த அளவு பெரும்பாலும் இரண்டு கோட்டுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரு கோட்டுக்கு என்றால் ஏறத்தாழ அதன் இரு மடங்கு அச்சாகியிருக்கும். இதைக் கவனிக்காமல் பரப்பை இரண்டால் பெருக்கி, பிறகு 120ஆல் வகுத்தால், தேவையைப் போல இரு மடங்கு பெயிண்ட் வீட்டுக்கு வந்து சேரும். அந்த எண் வழுவழுப்பான சுவருக்கு உரியது என்பதால் கீழ் எல்லையான 120ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1,740ஐ 120ஆல் வகுத்தால் 14.5 லிட்டர், 10, 4, 1 லிட்டர் டப்பாக்களாக 15 லிட்டர் வாங்கலாம். சீலிங்குக்கு 5.2 லிட்டர், அதாவது 6 லிட்டர் வெள்ளை. அறைக்கு ஒரு நிறம் என்று பிரித்தால் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் மிஞ்சும். நிறம் கலந்த டப்பாவைக் கடைக்காரர் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை.

இதை ரூபாயாக்கிப் பாருங்கள். லிட்டர் 300 ரூபாய் எமல்ஷன் 120 சதுர அடிக்கு இரண்டு கோட் வருகிறது என்றால், சதுர அடிக்குப் பெயிண்ட் செலவு இரண்டரை ரூபாய். பொருளுக்கென்று பெயிண்டர் கேட்பதோ சதுர அடிக்கு 10 ரூபாய். மீதி ஏழரை ரூபாய் எதற்கு என்பதுதான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. சுவர் முழுக்க இரண்டு கோட் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமரும் அடிப்பதாக இருந்தால் அந்தத் தொகை அதிகமென்று சொல்ல முடியாது. பட்டி கிலோவுக்கு 12 சதுர அடிபோலவும், பிரைமர் லிட்டருக்கு ஒரு கோட் 100 சதுர அடிபோலவும்தான் வரும், தேய்க்கும் கூலியும் தனியாக ஏறும். பழைய பெயிண்டின் மேலேயே அடிப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், வெடிப்பு, ஆணித்துளை, உதிர்ந்த இடங்களில் மட்டும் பட்டியும் பிரைமரும் வைத்தால் போதும். அப்படியானால், எமல்ஷன் 15 லிட்டர் 4,500, சீலிங் வெள்ளையையும் அதே விலைக்கு வைத்தால் 1,800, பட்டி, பிரைமர், உப்புத்தாள், ரோலர் வகையறாவுக்குத் தாராளமாக 2,500, கூலி 24,000 என்று மொத்தம் 32,800 ரூபாய்க்குள் வேலை முடிய வேண்டும்.

இந்தக் கணக்கு நிலைக்க, பழைய சுவர் உறுதியாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோதான். அதன் மேல் அடித்த எமல்ஷன் சில மாதங்களில் தோலாக உரியும் என்பதால், சுரண்டி பிரைமர் அடிக்கும் செலவைத் தவிர்க்க வழியில்லை. அடர்நிறச் சுவரை வெளிர்நிறமாக மாற்றினால் மூன்றாவது கோட் தேவைப்படலாம். பெயிண்டும் கூலியும் அதற்கேற்பக் கூடும். ஓதம் ஏறிய சுவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. நீர் வரும் வழியை அடைத்து, சுவர் காய்ந்த பிறகே பெயிண்டைப் பற்றிப் பேச வேண்டும்.

வேலை நடக்கும்போது காலி டப்பாக்களை வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் கோட் முடியும்போது 15 லிட்டரில் ஏறக்குறைய பாதி தீர்ந்திருக்க வேண்டும். 4 லிட்டரிலேயே சுவர் முழுவதும் முடிந்துவிட்டது என்றால், டப்பாவில் சொன்ன அளவைத் தாண்டித் தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். மர வேலைக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் எனாமல் இந்த 32,800இல் சேரவில்லை. கதவு, ஜன்னல்களையும் அவரே அடிப்பதாக இருந்தால், அதற்குத் தனி விலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.