டிராவல் அட்வான்ஸ் செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட்: மீதியா, பாக்கியா?

கேள்வி: வெளியூர் வேலைக்கு ஆபீஸில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய் வந்தேன். கையிலிருந்தும் செலவாகியிருக்கிறது. செட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் எப்படி எழுதுவது? நான் கணக்குப் போட்ட தொகையும் அக்கவுண்ட்ஸ்காரர்கள் சொல்லும் தொகையும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்:

கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இந்த ஸ்டேட்மென்டுகள் என் மேசைக்குத்தான் வரும். தொகை ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நீங்கள் செலவழித்ததிலிருந்து அட்வான்ஸைக் கழிக்கிறீர்கள். நாங்கள் அனுமதிக்கப்பட்ட செலவிலிருந்து அட்வான்ஸைக் கழிக்கிறோம். இரண்டுக்கும் நடுவே விழுகிற தொகைதான் சண்டை.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் அதை நாங்கள் செலவாக எழுதுவதில்லை. உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, நீங்கள் கம்பெனிக்குத் தர வேண்டிய பணமாகப் பற்று வைக்கிறோம். ஸ்டேட்மென்ட் வந்து பாஸ் ஆன பிறகுதான் அது பயணச் செலவு, தங்கும் செலவு என்று பிரிந்து, உங்கள் பெயரிலிருந்து இறங்கும். அதனால் நீங்கள் எழுதுவது வெறும் செலவுப் பட்டியல் அல்ல. உங்கள் பெயரில் நிற்கும் 15,000 ரூபாயை எப்படி இறக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்கிற தாள் அது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு பம்ப் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் கோவையிலிருந்து புனே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் ரயில் ஏறி, திங்கள் மாலை இறங்கி, நான்கு இரவு ஹோட்டலில் தங்கி, வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, சனிக்கிழமை மதியம் வீடு வந்து சேர்கிறார். அவருடைய கிரேடுக்கு ஹோட்டல் வரம்பு வரியோடு சேர்த்து ஒரு இரவுக்கு 2,000 ரூபாய். சாப்பாட்டுக்கு பில் கேட்காத தினப்படி 500 ரூபாய், கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் பாதிப் படி. உங்கள் கம்பெனியில் தொகைகள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

போகும் டிக்கெட்டை ஆபீஸே எடுத்துக் கொடுத்துவிட்டது. அதை ஸ்டேட்மென்டில் குறிப்பிட வேண்டும், ஆனால் தொகையைக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. 'கம்பெனி நேரடியாகக் கட்டியது' என்று எழுதி, தொகைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும். குறிப்பிடாமலே விட்டால், இவர் புனே போய்ச் சேர்ந்ததற்கே தாளில் தடயம் இருக்காது. கூட்டலில் சேர்த்தால் கம்பெனி ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகிவிடும்.

திரும்பும் டிக்கெட்டை அவரே 1,840 ரூபாய்க்கு எடுத்திருந்தார். வேலை ஒரு நாள் நீண்டதால் அதை ரத்து செய்துவிட்டு, மறுநாளுக்கு அதே 1,840 ரூபாய்க்கு இன்னொன்று எடுத்தார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் இரண்டு டிக்கெட்டையும் வைத்து 3,680 என்று எழுதுகிறார்கள். ரத்தான டிக்கெட்டுக்குப் பிடித்தம் போக 1,340 ரூபாய் சில நாள் கழித்து அவர் வங்கிக் கணக்குக்கே திரும்பி வந்துவிடும். அது அவர் கண்ணில்கூடப் படாமல் போகலாம். உண்மையில் போனது 500 ரூபாய் மட்டும். அதனால் இரண்டாவது டிக்கெட் 1,840, ரத்துப் பிடித்தம் 500, மொத்தம் 2,340. பக்கத்தில் 'வேலை ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி, நீட்டிக்கச் சொன்ன மேலதிகாரியின் மெயில் ஒரு நகல். காரணம் எழுதாத ரத்துக் கட்டணத்தை நான் திருப்பித்தான் அனுப்புவேன். சொந்தக் காரணத்துக்காக மாற்றிய பயணத்துக்கும் அதே கட்டணம்தானே வருகிறது?

ஹோட்டல் பில் ஒரு இரவுக்கு 2,240, நான்கு இரவுக்கு 8,960. வரம்பு 8,000. இங்கே ஸ்டேட்மென்டில் இரண்டு கட்டம் வேண்டும்: செலவானது 8,960, கோருவது 8,000. உங்கள் படிவத்தில் ஒரே ஒரு தொகைக் கட்டம்தான் இருக்கிறதென்றால் நீங்களே பக்கத்தில் இன்னொன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். சிலர் பில்லே 8,000 என்பதுபோல எழுதிவிடுகிறார்கள். பில்லில் ஒரு தொகை, தாளில் வேறு தொகை என்றால் சரிபார்ப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். அதிகமான 960 ரூபாய் வேண்டுமென்றால் காரணத்தோடு மேனேஜரிடம் தனி ஒப்புதல் வாங்குங்கள். அது தங்குவதற்கு முன்னால் வாங்கிய மெயிலாக இருந்தால் பேச்சே இல்லை. வந்த பிறகு கேட்பது அவரவர் மேனேஜரின் மனசைப் பொறுத்தது.

சாப்பாடு: திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து முழு நாள், ஞாயிறும் சனியும் பாதிப் பாதி, ஆக ஆறு நாள் படி, 3,000 ரூபாய். படி வாங்குபவர் சாப்பாட்டு பில் வைக்க வேண்டாம். வைத்துவிட்டு இரண்டையும் கேட்கவும் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இதே கணக்கு இன்னும் நுணுக்கமாக ஓடும். அந்த நாளில் ஊரில் இல்லாத நேரம் ஆறு மணிக்குக் குறைவென்றால் 30 சதவீதம், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 70, அதற்கு மேல் முழுசு. அதனால்தான் அவர்களுடைய படிவத்தில் கிளம்பிய மணியும் வந்து சேர்ந்த மணியும் கட்டாயமாக இருக்கும். தனியார் படிவத்திலும் அதை எழுதிவிடுவது நல்லது. நாங்கள் டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, உங்களுக்கு அரை நாள் குறைத்துவிட்டு, பிறகு நீங்கள் வந்து விளக்கம் சொல்லும் அலைச்சல் மிச்சமாகும்.

உள்ளூர்ப் போக்குவரத்தில் ஆப் மூலம் எடுத்த டாக்சிக்கு 1,460 ரூபாய், பில் இருக்கிறது. ஆட்டோவுக்கு 620, பில் கிடையாது. ஆட்டோவில் பில் வராது என்பது எங்களுக்கும் தெரியும். தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று வரி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் போதும். ஆனால் எல்லா வரியும் 200, 200, 200 என்று உருண்டையாக இருந்தால் கண் அங்கேதான் போகும். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் வைக்கலாம். பணம் போனதற்குத்தான் அது சாட்சி, எதற்குப் போனது என்பதற்கு அல்ல. ஹோட்டல் பில்லுக்குப் பதிலாக ஸ்கிரீன்ஷாட்டை வைத்துவிட்டு, 'பணம் போயிருக்கே சார்' என்று வாதாடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

கடைசியாக, அங்கே ஒரு சீல் கிட் 1,350 ரூபாய்க்குக் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறார். கையில் இருந்த அட்வான்ஸிலிருந்து கொடுத்ததால் இந்தத் தாளில் வரத்தான் வேண்டும், ஆனால் பயணச் செலவோடு கலக்கக் கூடாது. 'பயணம் அல்லாதது' என்று தனித் தலைப்பில், கடை பில்லோடு, எந்த வாடிக்கையாளரின் எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். பொருள் உத்தரவாதத்தில் வருமா, வாடிக்கையாளரிடம் வசூலிக்க வேண்டியதா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. டாக்சியோடு சேர்த்து 'இதர செலவு' என்று எழுதினால் அந்தப் பணம் வசூலாகாமலே போய்விடும்.

இப்போது கூட்டுங்கள். செலவானது: 2,340, 8,960, 3,000, 2,080, 1,350, ஆக 17,730 ரூபாய். ஹோட்டலில் வரம்புக்கு மேல் போன 960 போக, அனுமதிக்கத்தக்கது 16,770. தாளின் அடியில் இப்படி முடியும்:

அனுமதிக்கத்தக்க செலவு: 16,770
கழிக்க, பெற்ற அட்வான்ஸ்: 15,000
ஊழியருக்குத் தர வேண்டியது: 1,770

அவர் மனக்கணக்கில் 2,730 இருக்கும். ஹோட்டலுக்கு ஒப்புதல் கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால் 1,770தான்.

மீதி திருப்பிக் கொடுக்கும் கணக்கையும் இதை வைத்தே பாருங்கள். அதே ஹோட்டல் பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டியிருந்தால், அவர் கைச்செலவு 8,770 ஆகிறது. 15,000-இல் அதைக் கழித்தால் மீதி 6,230. ஆனால் கம்பெனி வரம்புக்கு மேலே 960 ரூபாய் சேர்த்துக் கட்டியிருக்கிறதல்லவா? ஒப்புதல் இல்லையென்றால் அதுவும் அவர் தலையில்தான் விழும். திருப்பிக் கட்ட வேண்டியது 7,190. கம்பெனி கட்டிய பில்லுக்கு வரம்பு கிடையாது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோபப்படுகிறார்கள்.

ஜிஎஸ்டி பற்றி யாராவது கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். கம்பெனி எண்ணைக் கொடுத்து பில் வாங்கச் சொல்வது எல்லா இடத்திலும் ஒரே பலன் தராது. ஹோட்டல் அறைக்கு வரி அது இருக்கும் மாநிலத்தில் விழும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு உள்ள கம்பெனிக்குப் புனே ஹோட்டலின் வரியை வரவாக எடுக்க வழியில்லை; அதுவே மதுரை ஹோட்டல் என்றால் எடுக்கலாம். விமான டிக்கெட்டில் அப்படி இல்லை. பதிவுள்ள கம்பெனியின் எண்ணைக் கொடுத்து எடுத்தால் வரி கம்பெனியின் மாநிலத்துக்கே வரும், அதனால் அந்த எண் அங்கே கட்டாயம் வேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு எண்ணைச் சேர்க்கச் சொல்லி விமானக் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது பெரிய வேலை.

திருப்பிக் கட்டும் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அந்தப் பரிமாற்ற எண்ணையும் தேதியையும் ஸ்டேட்மென்டிலேயே எழுதுங்கள். 'அடுத்த டூருக்கு வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லாதீர்கள். ஒரு அட்வான்ஸுக்கு ஒரு ஸ்டேட்மென்ட் என்று அந்த அட்வான்ஸ் எண்ணோடு முடித்தால்தான் உங்கள் பெயரில் பூஜ்ஜியம் வரும். இரண்டு அட்வான்ஸ் ஒன்றின் மேல் ஒன்று நின்றால் எந்தச் செலவு எதற்கு என்று பிரிக்கவே முடியாது. மார்ச் கடைசியில் ஆடிட்டர் கேட்பது அந்தப் பெயர்களைத்தான். வேலையை விட்டுப் போகும்போது கடைசிக் கணக்கில் பிடிப்பதும் அதைத்தான்.

காலக்கெடு உங்கள் கம்பெனி பாலிசியில் இருக்கும். பெரும்பாலும் திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் கேட்பார்கள். டாக்சி, ஹோட்டல் பில்கள் தெர்மல் தாளில் இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். வந்த அன்றே நகல் எடுத்து, மூலத்தோடு சேர்த்துப் பின் போடுங்கள். மேனேஜர் கையெழுத்து வாங்கிய பிறகு எங்களிடம் கொடுங்கள். முதலில் இங்கே கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.