திருத்தும் முன் ஓர் உத்தேச விடை

"ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தசமப் பெருக்கல் பயிற்சித்தாள்களை மொத்தமாகத் திருத்தும்போது, 155.52 வரவேண்டிய இடத்தில் 15.552 என்று இருந்தாலும் சரி போட்டுவிடுகிறேன். ஒவ்வொன்றையும் முழுதாகப் போட்டுப் பார்க்க நேரமில்லை. உத்தேசமாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் தப்பு சிக்குமா?"

சிக்கும். ஆனால் விடைக்குறிப்பைத் திறப்பதற்கு முன்பே உத்தேச விடையைப் போட்டுவிட வேண்டும். 155.52 என்பதைப் பார்த்துவிட்ட கண், தாளில் 1, 5, 5, 5, 2 வரிசையாக இருக்கிறதா என்றுதான் தேடும். புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதைக் கவனிக்காது. மனதில் "நூற்றைம்பது பக்கம்" என்று வைத்துக்கொண்டு பார்த்தால், 15.552 அளவிலேயே பொருந்தாமல் நிற்கும்.

உங்கள் கணக்கு 48.6 × 3.2 என்று வைத்துக்கொள்வோம். 50 × 3 = 150. வினாத்தாளின் ஓரத்தில், கேள்விக்குப் பக்கத்தில் 150 என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு மாணவரின் தாள் முழுவதையும் முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லாத் தாள்களிலும் முதல் கேள்வி, பிறகு எல்லாவற்றிலும் இரண்டாம் கேள்வி என்று போங்கள். ஒரே உத்தேச எண் மனதில் நிற்பதால் வேகமும் கூடும்.

இங்கே 48.6ஐக் கூட்டியும் 3.2ஐக் குறைத்தும் முழுமையாக்கியிருக்கிறோம். பெருக்கலில் இப்படி ஒன்று ஏற, ஒன்று இறங்கினால் பிழை ஓரளவு ஈடாகிவிடும். 4.5 × 6.5 சரியாக 29.25. இரண்டையும் ஏற்றினால் 5 × 7 = 35 என்று விலகிப் போகும்; 5 × 6 = 30 என்றால் கிட்டத்தில் நிற்கும். உத்தேசம் தளர்வாக இருந்தால் தப்பான விடையும் அதற்குள் நுழைந்துவிடும்.

இந்த 150ஐ வைத்துப் பார்த்தால் 15.552, 1555.2 இரண்டும் உடனே விழும். 24.30 என்று ஒரு விடை வந்தாலும் விழும். அது எப்படி வந்தது என்றும் பாருங்கள்: 486 × 2 = 972; அடுத்த வரியில் 486 × 3 = 1458ஐ ஓர் இடம் தள்ளி எழுதாமல் நேர்கீழே எழுதிக் கூட்டினால் 2430. அந்த மாணவர் புள்ளியைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார், இடமதிப்பில்தான் தவறியிருக்கிறார். அவருக்குத் தரவேண்டிய குறிப்பு வேறு.

உத்தேசம் பிடிக்காதவையும் உண்டு. 145.52, 155.25 இரண்டுமே 150க்கு அருகில்தான் இருக்கின்றன. இதற்கு இரண்டு சின்னச் சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது கடைசி இலக்கம்: 6 × 2 = 12, எனவே விடை 2இல் முடிய வேண்டும். 155.25 அங்கே மாட்டும். (2.5 × 3.4 போன்றவற்றில் கடைசியில் 0 வரும். மாணவர் அதை விட்டுவிட்டு 8.5 என்று எழுதினால் சரிதான்.) இரண்டாவது, 9ஆல் வகுத்த மீதி. 4+8+6 = 18, மீதி 0. எனவே பெருக்கற்பலனின் மீதியும் 0 ஆக வேண்டும். 155.52இல் 1+5+5+5+2 = 18, சரி. 145.52இல் 17, மீதி 8, தப்பு. ஆனால் 15.552இலும் இலக்கங்கள் அதேதான் என்பதால் மீதிச் சோதனை அதைத் தாராளமாக விட்டுவிடும். ஆகவே அளவைப் பார்க்க உத்தேசம், இலக்கங்களைப் பார்க்க மற்ற இரண்டு. எல்லாத் தாளுக்கும் மூன்றையும் செய்ய வேண்டாம்; உத்தேசத்தில் தேறி, விடைக்குறிப்போடு ஒப்பிடுகையில் சந்தேகம் வந்தவற்றுக்குப் போதும்.

வகுத்தலில் உத்தேசம் இன்னும் நன்றாக உழைக்கும். 3216 ÷ 8க்கு 42 என்று எழுதுவது வழக்கமான பிழை. 1ஐ 8ஆல் வகுக்க முடியாத இடத்தில் ஈவில் 0 போட மறப்பதால் வருவது. 3200 ÷ 8 = 400 என்று ஓரத்தில் இருந்தால் 42ஐத் தாண்டிப் போகவே முடியாது.

பின்னக் கூட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய அளவிலான தேர்வில், 12/13 + 7/8இன் உத்தேச விடை எது என்று 13 வயதினரிடம் கேட்டார்கள். இரண்டு பின்னங்களும் ஒன்றை நெருங்குவதால் விடை 2க்கு அருகில். ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் 19 அல்லது 21 என்று தேர்ந்தெடுத்தார்கள். தொகுதிகளைக் கூட்டினால் 19, பகுதிகளைக் கூட்டினால் 21. உங்கள் தாள்களில் இந்தக் கணக்கு வந்தால் 19/21 என்ற விடையை எதிர்பார்க்கலாம். அது ஒன்றைவிடச் சிறியது என்பதைப் பார்த்தாலே போதும்.

கடைசியாக ஒன்று: விடைக்குறிப்பும் உத்தேசத்தோடு ஒத்துப்போக வேண்டும். 6.4 ÷ 0.8க்கு 0.8 என்று அச்சாகியிருந்தால், ஒன்றைவிடச் சிறிய எண்ணால் வகுக்கும்போது ஈவு 6.4ஐவிடப் பெரிதாகத்தான் வரும் என்பது முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். 8 என்று எழுதிய பிள்ளைகளுக்குத் தப்பு போடுவதற்கு முன் குறிப்பைத் திருத்திவிடலாம்.