கட்டத்துக்குள் 30°, பக்கத்தில் 0.08: சாய்வு முகத்தை எப்படிப் படிப்பது?

கடிதம்

வணக்கம் ஐயா. இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். ஒரு சரிவு முகத்துக்கு டிராயிங்கில் 30° என்று கட்டம் போட்டு எழுதி, பக்கத்தில் ∠ | 0.08 | A என்று கொடுத்திருக்கிறார்கள். சரிவின் நீளம் 40 மி.மீ., அகலம் 30 மி.மீ. பெவல் புரொட்ராக்டரில் 30°5' வந்தது. 0.08 டிகிரி என்றால் 4.8 நிமிடம்தான், அதனால் ரிஜெக்ட் என்றேன். கூட இருப்பவரோ டைட்டில் பிளாக்கில் கோணத்துக்கு ±0.5° இருக்கிறது, தாராளமாக பாஸ் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

இருவர் சொல்வதும் பொருந்தாது. அந்த 0.08 டிகிரி அல்ல, மில்லிமீட்டர். கட்டம் போட்ட கோணத்துக்கு டைட்டில் பிளாக் டாலரன்ஸும் செல்லாது. கட்டத்துக்குள் நிற்கும் 30° பேசிக் கோணம். அதற்கு ப்ளஸ், மைனஸ் எதுவும் கிடையாது. முகம் எவ்வளவு விலகலாம் என்பதைச் சொல்வது பக்கத்தில் உள்ள ∠ | 0.08 | A என்ற ஆங்குலாரிட்டி சட்டம் மட்டும்தான்.

அந்தச் சட்டத்தை இப்படிப் படியுங்கள். டேட்டம் A-வில் இருந்து மிகச்சரியாக 30° சாய்ந்த இரண்டு இணைத் தளங்களை மனதில் வையுங்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம், தளங்களுக்குச் செங்குத்தாக அளந்தால், 0.08 மி.மீ. சரிவு முகத்தின் எல்லாப் புள்ளிகளும் அந்த இடைவெளிக்குள், அதாவது டாலரன்ஸ் மண்டலத்துக்குள், அடங்க வேண்டும். இடைவெளி ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அகலம். ±0.5° அப்படி இல்லை. அது கோணத்தின் முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி ஆப்பு மாதிரி விரிந்துகொண்டே போகும், 40 மி.மீ. தள்ளிப் போனால் மொத்தம் 0.7 மி.மீ. ஆகிவிடும். டிசைனர் 0.08 கொடுத்த இடத்தில் உங்கள் நண்பர் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அனுமதிக்கிறார்.

அப்படியானால் 0.08 எவ்வளவு கோணத்தை அனுமதிக்கிறது? முகம் கண்ணாடி போலத் தட்டையாக இருந்து, சாய்வு மட்டும் தப்பியிருந்தால், 40 மி.மீ. நீளத்தில் 0.08 விலகலாம். 0.08-ஐ 40-ஆல் வகுத்தால் 0.002 ரேடியன், கிட்டத்தட்ட 6.9 நிமிடம். ஆக 29°53'-இலிருந்து 30°7' வரை ஏறக்குறைய போகலாம். இதே 0.08 வெறும் 10 மி.மீ. நீள முகத்துக்கு இருந்திருந்தால் 27 நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்திருக்கும். நீளம் தெரியாமல் ஆங்குலாரிட்டியை டிகிரியாக மாற்ற வழியே இல்லை. டிராயிங்கில் அதை டிகிரியில் எழுதாததற்கும் இதுதான் காரணம்: எதிர் பாகம் வந்து உட்காரும்போது அங்கே எத்தனை மைக்ரான் இடைவெளி விழும் என்பதுதான் டிசைனருக்குக் கவலை.

இப்போது உங்கள் 30°5'. 5 நிமிடம் 40 மி.மீ. நீளத்தில் 0.058 மி.மீ. தள்ளும். 0.08-இல் அதுவே பெரும்பங்கைச் சாப்பிட்டுவிட்டது. மிச்சம் இருப்பது முகத்தின் மேடு பள்ளத்துக்கு. ஆங்குலாரிட்டி சாய்வை மட்டுமல்ல, தட்டைத் தன்மையையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. புதியவர்கள் இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். மேடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து மிச்சம் மாறும். உயர்ந்த முனையிலேயே விழுந்தால் 0.022-க்கு மேல் இடமில்லை. நடுவில் குழிந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். போதாததற்கு, வெர்னியர் பெவல் புரொட்ராக்டர் பொதுவாக 5 நிமிடப் படிகளில்தான் காட்டும். ஒரு படி தவறினால் இன்னொரு 0.058. ஆகவே அந்த அளவை வைத்துப் பாஸும் போட முடியாது, ரிஜெக்டும் போட முடியாது.

இதற்குச் சரியான வழி சைன் பார். 200 மி.மீ. சைன் பாரில் 30°-க்கு ஸ்லிப் கேஜ் உயரம் h = L × sin θ, அதாவது 200 × 0.5 = 100 மி.மீ. சர்ஃபேஸ் பிளேட்டில் அதை அமைத்து, வொர்க்பீஸின் டேட்டம் A முகத்தைப் பார் மேல் உட்கார வையுங்கள். சரிவு முகம் பிளேட்டுக்கு இணையாக வந்துவிடும். உட்கார வைக்கும் முன் A-வை நன்றாகத் துடைத்து, ஓரத்துப் பிசிர் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு லீவர் டயலை முகம் முழுக்க ஓட்டுங்கள்: நடுக்கோட்டில் மட்டும் போதாது, நான்கு ஓரங்களிலும் மூலைகளிலும். டயலின் மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.08-க்குள் இருந்தால் முகம் மண்டலத்துக்குள் இருக்கிறது.

இரண்டு பீஸை எண்ணிப் பாருங்கள். முதலாவதில் டயல் ஒரு முனையில் 0, அங்கிருந்து சீராக ஏறி மறுமுனையில் 0.07. கோணம் 6 நிமிடம் தப்பியிருக்கிறது, ஆனாலும் பாஸ். இரண்டாவதில் இரு முனையிலும் 0, நடுவில் 0.09 குழி. புரொட்ராக்டரின் பிளேடு இரண்டு முனைகளிலும் உட்கார்ந்து அச்சு அசலாக 30° காட்டும். ஆனால் இது ரிஜெக்ட்.

இங்கே ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். டயல் ஒரு பக்கம் ஏறுகிறதே என்று ஸ்லிப்பைக் கூட்டிக் குறைத்து முகத்தை மட்டம் பண்ணிவிட்டு அப்புறம் அளப்பது. அப்படிச் செய்தால் சாய்வுப் பிழை முழுவதும் காணாமல் போய், மிஞ்சுவது தட்டைத் தன்மை மட்டுமே. முதல் பீஸில் 0.07 இருந்தது சுழியாகிவிடும். ஸ்லிப் 100-லேயே நிற்க வேண்டும். அந்த 30°தான் மண்டலத்தை A-வோடு பிணைக்கிறது.

அகல வாட்டில் மட்டும் ஒரு சலுகை உண்டு. உங்கள் சட்டத்தில் A மட்டும்தான் இருக்கிறது. அதனால் பீஸை A முகத்தின் மேலேயே லேசாகத் திருப்பி, அகலத்தில் டயல் அளவு குறைந்தபட்சமாக வரும்படி வைத்துக்கொள்வது முறைதான். அதைச் செய்யாமல் பீஸை 1° கோணலாக வைத்துவிட்டால், சரியாக இருக்கும் முகம்கூட அகல வாட்டில் அரை டிகிரி சாய்ந்து நிற்கும். 30 மி.மீ. அகலத்துக்கு அது 0.26 மி.மீ. நல்ல பீஸ் இப்படித்தான் அநியாயமாக ரிஜெக்ட் ஆகிறது. நீள வாட்டில் நல்ல அளவும் அகல வாட்டில் சீரான ஏற்றமும் கண்டால், முதலில் பீஸ் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்தில் A-க்குப் பிறகு B என்றும் இருந்து, அது இந்தத் திரும்பலைத் தடுக்கும் பக்க முகமாக இருந்தால் கதை வேறு: B முகத்தைப் பாரின் பக்கவாட்டு ஸ்டாப்பில் அணைத்தே வைக்க வேண்டும், திருப்பிச் சரிசெய்யக் கூடாது.

கடைசியாக, டயல் 0.08-க்குள் ஓடினாலும் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது என்று ஆகாது. அந்த இரண்டு தளங்களும் ஒன்றாகச் சேர்ந்து மேலேயோ கீழேயோ நகரலாம். ஆங்குலாரிட்டி அதைக் கேட்பதில்லை. முகம் எங்கே இருக்க வேண்டும் என்பதை டிராயிங்கில் வேறோர் அளவோ ப்ரொஃபைல் டாலரன்ஸோ சொல்லியிருக்கும். ரிப்போர்ட்டில் அதைத் தனி வரியில் எழுதுங்கள். ஆங்குலாரிட்டி வரியில் டிகிரி வேண்டாம், டயல் காட்டிய மொத்த வித்தியாசத்தை மி.மீ.-இல் போடுங்கள்.

அன்புடன்.