183 என்று கணக்கு வருகிறது, ஷாஃப்ட் ஏன் உடையவில்லை?

கேள்வி: 50 மி.மீ. விட்டமுள்ள உருட்டு ஷாஃப்ட், நீளம் 1 மீட்டர். ஷியரில் அதன் ஈல்டு 150 மெகாபாஸ்கல். ஒருமுறை இயந்திரம் சிக்கியபோது டார்க் 4,500 நியூட்டன்-மீட்டர் வரை போய்விட்டது. சூத்திரத்தில் போட்டால் 183 மெகாபாஸ்கல் வருகிறது. ஆனால் ஷாஃப்ட் உடையவில்லை. நீளவாக்கில் கீறியிருந்த கோடு மட்டும் ஒரு முனையில் 0.4 மி.மீ. விலகி நிற்கிறது. வழக்கமான ஓட்டம் 2,000-தான். பின்பக்கம் சுழலும்போது 3,000 வரை போகும். இதை இன்னும் ஓட்டலாமா?

பதில்: அந்த 183 உங்கள் ஷாஃப்டுக்குள் எங்கேயும் இருந்ததில்லை. ஆனாலும் அந்த எண்ணை அழித்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நீங்கள் போட்ட சூத்திரம், தகைவு மையத்தில் சுழியமாகத் தொடங்கி மேற்பரப்பு வரை நேர்கோட்டில் ஏறுகிறது என்ற அடிப்படையில் வந்தது. உலோகம் மீள்நிலையில் இருக்கும்வரை, அதாவது சுமையை எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பும்வரை, அது சரி. நிரந்தரமாக நெகிழத் தொடங்கும் ஈல்டு அளவான 150-ஐ மேற்பரப்பு தொடும்போது உங்கள் ஷாஃப்டில் இருக்கும் டார்க் 3,680 நியூட்டன்-மீட்டர். அதற்கு மேல் முறுக்கினால் மேற்பரப்பு 150-லேயே நின்றுவிடுகிறது; கூடுதல் சுமையை உடனே அதற்கு அடுத்த உள்வளையம் வாங்கிக்கொள்கிறது, அதுவும் 150-ஐத் தொட்டதும் அதற்கும் உள்ளே இருப்பது. இப்படி நெகிழ்ந்த வளையம் வெளியிலிருந்து உள்நோக்கித் தடித்துக்கொண்டே வரும், நடுவே மீள்நிலையில் ஒரு உள்ளகம் மிஞ்சும். உள்ளே இருந்த உலோகம் அதுவரை முழுச் சுமையைத் தாங்காமல் இருந்ததால்தான் ஷாஃப்டுக்கு இந்தக் கையிருப்பு கிடைக்கிறது.

உள்ளகத்தின் ஆரம் `r`, ஷாஃப்டின் ஆரம் `c`, ஈல்டு தொடங்கும் டார்க் `Ty` என்றால்:

```
T = (4/3) Ty [1 - (1/4)(r/c)^3]
```

உள்ளகமே இல்லாமல் போனால், அதாவது `r = 0` என்றால், கிடைப்பது முழு நெகிழ் டார்க். உருட்டு ஷாஃப்டுக்கு அது எப்போதும் `Ty`-யின் 4/3 பங்கு. உங்களுக்கு ஏறத்தாழ 4,910 நியூட்டன்-மீட்டர். குழாய் ஷாஃப்டில் உள்ளே உலோகம் இல்லாததால் இந்தக் கையிருப்பும் குறையும். மெல்லிய குழாயில் ஏறக்குறைய ஒன்றுமே இராது.

4,500-ஐ மேலே போட்டுப் பாருங்கள். `r` 17.3 மி.மீ. வருகிறது. 25 மி.மீ. ஆரத்தில் வெளிப்பக்கம் 7.7 மி.மீ. நெகிழ்ந்திருக்கிறது.

இந்த விடை சரியா என்று சரிபார்க்க உங்கள் கையிலேயே சாட்சி இருக்கிறது, அந்தக் கீறிய கோடு. ஈல்டு தொடங்கும்போது 1 மீட்டர் ஷாஃப்ட் 4.3 டிகிரி முறுகும் (விறைப்புக் குணகம் 80,000 மெகாபாஸ்கல் என்று எடுத்திருக்கிறேன், எஃகுக்கு அது பொருந்தும்). அதன் பிறகு கோணத்தை முடிவுசெய்வது உள்ளகம்தான்: 4.3-ஐ `r/c`-யால் வகுத்தால் 6.2 டிகிரி. டார்க்கை எடுத்ததும் ஷாஃப்ட் முழுவதும் மீள்நிலையில் திரும்பும். அப்போது திரும்பும் கோணம், 183 என்ற உங்கள் பொய்த் தகைவுக்கு உரிய கோணம், 5.25 டிகிரி. கழித்தால் நிரந்தரமாக நிற்பது 0.95 டிகிரி. 25 மி.மீ. ஆரத்தில் அது 0.41 மி.மீ. நகர்வு. நீங்கள் அளந்தது 0.4. எனவே மீட்டர் காட்டிய 4,500-ஐயும், பொருளின் 150-ஐயும் நம்பலாம்.

அதே 183 இன்னொரு வேலையும் செய்கிறது. டார்க் இறங்கும்போது மேற்பரப்பிலிருந்து கழிவது 183. அங்கே இருந்ததோ 150. ஆகவே சுமையே இல்லாமல் நிற்கும் ஷாஃப்டின் மேற்பரப்பில் எதிர்த்திசையில் 33 மெகாபாஸ்கல் எச்சத் தகைவு தங்கிவிடுகிறது. உள்ளகத்தின் விளிம்பில், 17.3 மி.மீ. ஆரத்தில், பழைய திசையிலேயே 23 நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வதால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.

ஓட்டலாமா என்ற கேள்விக்கு விடை இந்த 33-ல்தான் இருக்கிறது. சிக்கியபோது முறுகிய முன்பக்கத் திசையில் இனி 4,500 வரை ஈல்டு ஆகாது. அந்தத் திசையில் ஷாஃப்ட் உண்மையிலேயே பலப்பட்டிருக்கிறது. ஆனால் பின்பக்கம் மேற்பரப்பு 33-லிருந்து கிளம்புவதால் 150-க்கு 117-தான் மிச்சம். அது 2,860 நியூட்டன்-மீட்டரிலேயே தீர்ந்துவிடும். முன்பு 3,680 தாங்கிய திசை அது. உங்கள் பின்பக்க உச்சமோ 3,000!

பதற வேண்டாம். முதல்முறை 3,000 வரும்போது மேற்பரப்பில் அரை மி.மீ.க்கும் குறைவான தோல் மட்டும் எதிர்ப்பக்கம் நெகிழும். அதோடு எச்சத் தகைவு தானே கொஞ்சம் தளர்ந்து, அடுத்த முறையிலிருந்து முன்பக்கம் 2,000, பின்பக்கம் 3,000 என்ற ஓட்டம் முழுக்க மீள்நிலையில் நடக்கும். இரு திசை உச்சங்களையும் கூட்டினால் வருவது `2Ty`-க்குள், அதாவது 7,360-க்குள் இருக்க வேண்டும் என்பதே விதி. உங்களுக்கு 5,000-தான். எஃகு ஒருபக்கம் நெகிழ்ந்தபின் எதிர்ப்பக்கம் சற்று முன்னதாகவே நெகிழும் இயல்புள்ளது. அதனால் அந்தத் தோல் நான் சொன்னதைவிடத் தடிமனாக இருக்கலாம்.

ஆபத்து எப்போது வரும் என்றால், இயந்திரம் இருபக்கமும் மாறி மாறிச் சிக்கும்போது. முன்பக்கம் 4,500, பின்பக்கம் 4,000 என்று திரும்பத் திரும்ப வந்தால் கூட்டுத்தொகை 8,500. ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு இருபக்கமும் நெகிழ்ந்து, ஒப்பளவில் சில சுற்றுகளிலேயே விரிசல் விடும். அந்த நிலை உங்களுக்கு உண்டென்றால் ஷாஃப்டை மாற்றுங்கள்.

4,910-ஐ மட்டும் வடிவமைப்பு எல்லையாக வைக்காதீர்கள். உள்ளகம் முழுதாக மறைய முறுக்கு எல்லையின்றிக் கூட வேண்டும். ஈல்டு கோணத்தின் இரு மடங்கிலேயே, அதாவது 8.6 டிகிரியில், டார்க் 4,760-ஐத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு சிறு கூடுதல் சுமைக்கும் ஷாஃப்ட் பல டிகிரி முறுகும். நீங்கள் 4,500-ல் 6.2 டிகிரியோடு நின்றீர்கள். இன்னும் 260 ஏறியிருந்தால் நிரந்தர முறுக்கே 3 டிகிரியாகியிருக்கும்.

இந்தக் கணக்கு எல்லாம் வழவழப்பான உருட்டுத் தண்டுக்கு மட்டும். ஷாஃப்டில் சாவிப் பள்ளமோ படியோ இருந்தால், அங்கே தகைவு முன்னமே குவிந்து நெகிழ்ந்திருக்கும். ஓட்டுவதற்குமுன் பள்ளத்தின் மூலைகளில் சாய ஊடுருவல் சோதனை செய்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மயிரிழை தெரிந்தாலும் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள். விரிசல் இல்லையென்றால் பழைய கோட்டை அப்படியே விட்டு, அருகில் புதிதாக ஒரு நேர்கோடு கீறிவையுங்கள். முதல் பின்பக்க உச்சத்துக்குப் பிறகு அது மயிரளவு நகர்ந்து நின்றுவிட வேண்டும். அடுத்தடுத்த வாரங்களிலும் நகர்ந்துகொண்டே இருந்தால், மீட்டர் காட்டாத சிக்கல் ஏதோ ஷாஃப்டை முறுக்குகிறது.